கட்டாய சேவையா, தொழில்முறை ராணுவமா, ரிசர்வ் படையா? ஒரு நாடு எதை வைத்து முடிவெடுக்கிறது

ஐரோப்பாவில் கடந்த பத்தாண்டுகளாக ஒரு நாடு மாற்றி ஒரு நாடு கட்டாய ராணுவ சேவையைத் திரும்பக் கையில் எடுக்கிறது. 2008-ல் அதைக் கைவிட்ட லித்துவேனியா 2015-ல் மீண்டும் கொண்டுவந்தது. சுவீடன் 2017-ல் முடிவெடுத்தது, லாட்வியா 2023-ல். இந்தச் செய்திகளைப் படிக்கும் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: எல்லோரையும் ராணுவத்துக்கு இழுப்பது நல்லதா, விரும்பி வருபவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது நல்லதா?

பதில்கள் பெரும்பாலும் ஒழுக்கம், நாட்டுப்பற்று, தனிமனித சுதந்திரம் என்று போகின்றன. அவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் படையைத் திட்டமிடுபவர் முதலில் கேட்பது வேறு கேள்வி. போர் தொடங்கி மூன்றாவது மாதம், முதலில் போனவர்கள் காயம்பட்டும் களைத்தும் போயிருக்கும்போது, அவர்களுடைய இடத்துக்கு யார் போவார்கள்? அந்த இடத்துக்குப் போக வேண்டியவர்கள்தான் ரிசர்வ் வீரர்கள்: பயிற்சி முடித்து, வீட்டுக்குப் போய், வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அழைத்தால் வர வேண்டியவர்கள். எனவே மூன்றையும் மூன்று தனித்தனி வழிகளாக வைத்து ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும். முதல் இரண்டும் ஆள் சேர்க்கும் முறைகள். ரிசர்வ் என்பது அந்த முறைகளில் ஒன்றால் நிரப்பப்பட வேண்டிய கிடங்கு. எந்த முறை அந்தக் கிடங்கை எவ்வளவு நிரப்புகிறது என்பதில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

ஐந்து கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, போர் வந்தால் எத்தனை பயிற்சி பெற்றவர்கள், எத்தனை நாளில் கிடைப்பார்கள்? இரண்டாவது, அவர்கள் எவ்வளவு சிக்கலான வேலையைச் செய்ய முடியும்? மூன்றாவது, பட்ஜெட்டில் தெரியும் செலவும் தெரியாத செலவும் எவ்வளவு? நான்காவது, அவர்களை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியுமா? ஐந்தாவது, சுமையை யார் சுமக்கிறார்கள், அதை மக்கள் நியாயம் என்று ஏற்கிறார்களா?

| அளவுகோல் | கட்டாய சேவை | தொழில்முறை ராணுவம் | ரிசர்வ் படை |
|---|---|---|---|
| ஆள் எண்ணிக்கை | ஆண்டுதோறும் பெரிய எண்ணிக்கை, ரிசர்வும் வேகமாக வளரும் | சிறியது, எப்போதும் தயார் | பெரியதாக இருக்கலாம், அழைக்க நேரம் வேண்டும் |
| திறமை | ஓராண்டுக்குள் கற்றுக்கொள்ளக்கூடியது மட்டும் | பல ஆண்டு அனுபவம் | பயிற்சி முடிந்த நாளிலிருந்து மங்கத் தொடங்கும் |
| தெரியும் செலவு | ஆளுக்குக் குறைவு | ஆளுக்கு மிக அதிகம் | அமைதிக் காலத்தில் குறைவு |
| மறைந்த செலவு | இளைஞர்கள் இழக்கும் வருமானம், பயிற்சியில் கட்டுண்டு கிடக்கும் அதிகாரிகள் | விளம்பரம், ஊக்கத்தொகை, ஓய்வூதியம் | அழைத்தால் பொருளாதாரம் நிற்கும் |
| வெளிநாட்டுப் பணி | பல நாடுகளில் சட்டமோ அரசியலோ தடுக்கும் | எளிது | முடியும், நீண்ட காலத்துக்குக் கடினம் |

அட்டவணை ஒரு பார்வைக்குத்தான். உண்மையான வேறுபாடுகள் அதன் கட்டங்களுக்குள் அடங்காது.

## கட்டாய சேவை: ராணுவ முகாமைப் பார்க்காதீர்கள், வெளியே போனவர்களை எண்ணுங்கள்

கட்டாய சேவையில் இருக்கும் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் அந்த ஆண்டில் நாட்டைக் காப்பதற்குப் பெரிய உதவி அல்ல. முதல் சில மாதங்கள் அடிப்படைப் பயிற்சி, அடுத்த சில மாதங்கள் அவனுடைய தனி வேலைக்கான பயிற்சி. ஒரு குழுவாக உருப்படியாகச் செயல்படத் தொடங்கும் நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவான். இதைப் பார்த்துத்தான் 'இது வீண்' என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் அவன் வீட்டுக்குப் போவதற்காகத்தான் பயிற்சி பெறுகிறான். இந்த முறையின் விளைபொருள் ரிசர்வ்.

பின்லாந்தை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகை சுமார் 55 லட்சம். ரஷ்யாவுடன் சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லை. ஆண்களுக்குச் சேவை கட்டாயம், பெண்கள் 1995-லிருந்து விரும்பினால் சேரலாம். சேவைக் காலம் வேலையைப் பொறுத்து 165, 255 அல்லது 347 நாள். குழுத் தலைவர்களாகவும் ரிசர்வ் அதிகாரிகளாகவும் வரப்போகிறவர்களுக்கு நீண்ட காலம். ஆண்டுக்கு இருபதாயிரம் பேருக்கு மேல் பயிற்சி முடிக்கிறார்கள். போர்க்காலப் படையின் அளவு 2,80,000.

இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள தொடர்பைப் பாருங்கள். ஆண்டுக்கு 20,000 பேர் என்றால் பதினான்கு ஆண்டுகளில் 2,80,000 பேர். அதாவது முப்பத்தைந்து வயதைத் தாண்டாதவர்களை மட்டும் வைத்தே போர்க்காலப் படையை நிரப்பிவிடலாம். அவர்களுக்கு மேல் வயதுள்ளவர்கள் எல்லாம் கூடுதல் இருப்பு.

இதே கணக்கைத் தொழில்முறை ராணுவத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 20,000 வீரர்கள், ஒருவர் சராசரியாக ஆறு ஆண்டு இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஆண்டுக்கு வெளியேறுபவர்கள் சுமார் 3,300 பேர். அதே பதினான்கு ஆண்டு ரிசர்வில் வைத்தாலும் சுமார் 46,000. அதில் ஒப்பந்தம் போட மறுப்பவர்கள், உடல்நிலை காரணமாக விலகியவர்கள், வெளிநாடு போனவர்கள் கழிவார்கள். முகாமில் இருக்கும் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். முகாமுக்கு வெளியே கிடைப்பதில்தான் குறைந்தது ஆறு மடங்கு வித்தியாசம்.

மறைந்த செலவுகளில் பெரியது பட்ஜெட்டிலேயே வராது. வெளியே நூறு ரூபாய் சம்பாதிக்கக்கூடியவனை இருபது ரூபாய்க்கு வைத்திருந்தால், மீதி எண்பது ரூபாயை அவன் வரியாகக் கட்டுகிறான் என்று பொருள். அமெரிக்காவில் கட்டாய சேர்ப்பை நிறுத்தலாமா என்று ஆராய்ந்த கேட்ஸ் ஆணையம் 1970-ல் கொடுத்த அறிக்கையின் மையமான வாதமே இதுதான். பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் அதில் உறுப்பினர். கட்டாய சேவை மலிவு அல்ல, அதன் விலையை இளைஞர்கள் தலையில் மறைத்து வைத்திருக்கிறோம் என்பது அவர்கள் வாதம். அதை மறுப்பது கடினம்.

இன்னொரு சிக்கல் நியாயம். எல்லோரும் போனால் யாரும் அதிகம் முணுமுணுப்பதில்லை. படை சுருங்கி, ஐந்தில் ஒருவன் போனால் போதும் என்ற நிலை வந்ததும் 'நான் மட்டும் ஏன்' என்ற கேள்வி எழும். பனிப்போருக்குப் பின் ஜெர்மனியில் இதுதான் நடந்தது. சேவைக் காலத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், 2010-ல் அது ஆறு மாதத்தில் வந்து நின்றது. ஆறு மாதத்தில் ஒரு வீரனை உருவாக்கிப் பயன்படுத்த முடியாது, பயிற்றுநர்களின் நேரம்தான் போகும். 2011 ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள். அப்போதுதான் வேறொன்றும் வெளிப்பட்டது. ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் செய்துவந்த மாற்றுச் சேவையை நம்பி மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் இயங்கிவந்தன. அந்தக் கைகளும் ஒரே நேரத்தில் போயின. அவற்றுக்காக விருப்ப சேவைத் திட்டம் ஒன்றை அரசு தனியாக உருவாக்க வேண்டியிருந்தது.

## தொழில்முறை ராணுவம்: திறமைக்குக் கொடுக்கும் விலை

நவீன நீர்மூழ்கியின் சோனார் கருவியை இயக்குவதற்கோ, வான்பாதுகாப்பு ஏவுகணை அமைப்பைப் பராமரிப்பதற்கோ ஓராண்டு போதாது. இந்த வேலைகளுக்கு ஆண்டுக்கணக்கில் இருப்பவர்கள் வேண்டும். கட்டாய சேவை உள்ள நாடுகளிலும் விமானப்படை, கடற்படையின் மையப் பணிகளில் முழுநேர வீரர்கள் இருப்பது அதனால்தான்.

இரண்டாவது காரணம் தூரம். 1991 வளைகுடாப் போரில் பிரான்ஸிடம் பெரிய ராணுவம் இருந்தது, அனுப்பக்கூடிய ராணுவம் இல்லை. கட்டாய சேவையில் இருந்தவர்களை அங்கே அனுப்புவதில்லை என்று அதிபர் மித்தரான் முடிவெடுத்ததால், படைப்பிரிவுகளிலிருந்து சம்பள வீரர்களை மட்டும் பொறுக்கியெடுத்து ஒட்டுப்போட வேண்டியிருந்தது. 1996-ல் முழுத் தொழில்முறை ராணுவத்துக்கு மாறுவதாக அதிபர் சிராக் அறிவித்ததற்கு அந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம். எல்லையில் எதிரி இல்லாத, ஆனால் தொலைவில் தலையிட விரும்பும் நாட்டுக்கு இது பொருத்தமான முடிவு.

விலை எங்கே ஏறுகிறது? ராணுவம் வேலைச் சந்தையில் மற்ற முதலாளிகளோடு போட்டிபோட வேண்டும். வேலைவாய்ப்பு நன்றாக இருக்கும் ஆண்டில் ஆள் கிடைக்காது. அமெரிக்கத் தரைப்படை 2022-ல் 60,000 பேரைச் சேர்க்க இலக்கு வைத்து, சுமார் 15,000 பேர் குறைவாகச் சேர்த்தது. உடல்நிலை, கல்வி, குற்றப்பதிவு போன்ற காரணங்களால் இளைஞர்களில் கால்வாசிப் பேர்கூட விதிவிலக்கு இல்லாமல் தகுதிபெறவில்லை. சேர்ந்தவர்களுக்குக் குடும்பம் வரும். வீடு, மருத்துவம், பிறகு ஓய்வூதியம் என்று செலவு வீரனின் வயதோடு சேர்ந்து வளர்கிறது. அது ஆயுதம் வாங்க வேண்டிய பணத்தைத் தின்னத் தொடங்கும்போது பல நாடுகள் விழித்துக்கொள்கின்றன. இந்தியா 2022-ல் கொண்டுவந்த, நான்கு ஆண்டு பணிக்குப் பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை மட்டும் நிரந்தரமாக்கும் அக்னிபத் திட்டம், கட்டாயத்துக்குப் போகாமல் இந்தச் சுமையைக் குறைக்கும் முயற்சி.

## ரிசர்வ்: அழைப்பதே ஒரு பெரிய முடிவு

ரிசர்வை நம்பும் நாடு எச்சரிக்கை மணி நேரத்தில் அடிக்கும் என்று நம்புகிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு விலையுயர்ந்தது என்பதை 1973-ல் இஸ்ரேல் பார்த்தது. அந்த ஆண்டு வசந்த காலத்தில் போர் வரலாம் என்று ஆயத்த நிலையை உயர்த்தினார்கள், பணம் செலவானது, போர் வரவில்லை. அக்டோபரில் மீண்டும் அறிகுறிகள் தெரிந்தபோது தயக்கம் வந்தது. அக்டோபர் 6 காலையில் தலைமைத் தளபதி டேவிட் எலாசர் முழுமையாக அழைக்கச் சொன்னார், பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான் குறைவாக அழைத்தால் போதும் என்றார், பிரதமர் கோல்டா மேயிர் தளபதியின் பக்கம் நின்றார். பிற்பகல் இரண்டு மணிக்குப் போர் தொடங்கிவிட்டது.

கோலான் குன்றுகளில் அப்போது இருந்தவை 177 டாங்கிகள், எதிரே சிரியாவின் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. யோம் கிப்பூர் பண்டிகை நாள் என்பதால் மக்கள் வீட்டிலும் தொழுகைக் கூடத்திலும் இருந்தார்கள், சாலைகள் காலியாகக் கிடந்தன. ஆட்களைத் திரட்டுவது எதிர்பார்த்ததைவிட வேகமாக நடந்தது. ஆனால் ஆள் வந்து சேர்வது பாதிதான். கிடங்கைத் திறந்தால் சில டாங்கிகளில் இயந்திரத் துப்பாக்கி இல்லை, தொலைநோக்கி இல்லை, பீரங்கியின் குறிநோக்கி சரிசெய்யப்படவில்லை. யார் முதலில் வந்தார்களோ அவர்களையே சேர்த்துக் குழுவாக்கி மேலே அனுப்பினார்கள். ரிசர்வின் தரத்தை அறிய விரும்பினால் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பதில் பயனில்லை. கிடங்கின் நிலைமையையும், கடைசியாக எப்போது மறுபயிற்சிக்கு அழைத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

திரட்டிய பிறகு இன்னொரு கடிகாரம் ஓடத் தொடங்கும். ரிசர்வ் வீரர் என்பவர் ஏற்கெனவே ஓட்டுநர், பொறியாளர், ஆசிரியர். அவர் சீருடைக்கு வந்த நாளிலிருந்து அந்த வேலை நிற்கிறது. அதனால் ரிசர்வை நம்பும் நாடுகள் குறுகிய போரையே திட்டமிடுகின்றன. போர் நீண்டால் சிக்கல்.

அழைப்பதில் அரசியல் விலையும் உண்டு. 1965 ஜூலையில் வியட்நாமுக்குக் கூடுதல் படை அனுப்ப முடிவெடுத்த அதிபர் ஜான்சன், ரிசர்வை அழைக்கவில்லை. அழைத்தால் ஊர் ஊராகக் குடும்பங்களும் நாடாளுமன்றமும் கேள்வி கேட்கும். மாறாக, கட்டாயச் சேர்ப்பை மாதம் 17,000-லிருந்து 35,000 ஆக உயர்த்தினார். அதன் பிறகு அமெரிக்கா ரிசர்வுக்கு முக்கியப் பணிகளை ஒதுக்கி, அவர்களை அழைக்காமல் பெரிய போருக்குப் போக முடியாதபடி படையை அமைத்தது. ரிசர்வ் என்பது போருக்குப் போகும் முடிவின் மேல் போடப்பட்ட பூட்டாகவும் இருக்க முடியும். எனக்கு இது அதன் மிக முக்கியமான குணங்களில் ஒன்றாகவே படுகிறது.

## சுவீடன்: விட்டதும் திரும்ப எடுத்ததும்

மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை ஒரே நாட்டில் பார்க்க வேண்டும் என்றால் சுவீடனைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

1901-லிருந்து கட்டாய சேவை இருந்த நாடு. பனிப்போர் முடிந்ததும் எதிரி தெரியவில்லை, வெளிநாட்டு அமைதிப் பணிகள் கூடின. 2005-ல் பால்டிக் கடலின் நடுவே இருக்கும் காட்லாந்து தீவின் படைப்பிரிவைக்கூடக் கலைத்தார்கள். நாடாளுமன்றத்தில் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் முடிவாகி, 2010 ஜூலை 1-லிருந்து கட்டாய சேவை நின்றது. ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள்: சட்டத்தை நீக்கவில்லை, அமைதிக் காலத்தில் உறங்கவைத்தார்கள்.

புதிய முறையில் இரண்டு வகை வீரர்கள். ஒரு வகை முழுநேரம். இன்னொரு வகை பகுதிநேர ஒப்பந்தம்: வெளியே ஒரு வேலையில் இருந்துகொண்டு அவ்வப்போது சேவைக்கு வருபவர்கள். படையின் பெரும் பகுதி இந்த இரண்டாம் வகையால் நிரம்பும் என்பது திட்டம். அடிப்படைப் பயிற்சி மூன்று மாதம்.

அறிகுறிகள் மெல்லத்தான் வந்தன. 2013 தொடக்கத்தில் படைத் தளபதி ஸ்வெர்கர் யோரன்சன், ஓரிடத்தின் மேல் வரும் வரம்புக்குட்பட்ட தாக்குதலைச் சுமார் ஒரு வாரம் தனியாகச் சமாளிக்க முடியும் என்று சொன்னார். நாடு அதிர்ந்தது. 2014-ல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு இறுதியில் அரசு, முன்பு கட்டாய சேவை முடித்தவர்களை மீண்டும் மறுபயிற்சிக்கு அழைக்க முடிவெடுத்தது. அதாவது, நிறுத்திய முறை விட்டுச்சென்ற இருப்பை எடுத்துப் புதிய முறையின் பள்ளத்தை நிரப்பினார்கள்.

2016-ல் வெளிவந்த எண்கள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். முழுநேர வீரர்களில் பற்றாக்குறை சுமார் 1,000. ரிசர்வ் வீரர்களில் பற்றாக்குறை சுமார் 7,000. விருப்பச் சேர்ப்பு தன் முதல் வேலையை ஓரளவு செய்தது. முகாமில் நிற்பவர்கள் கிடைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டியவர்கள்தான் கிடைக்கவில்லை. இந்த ஓட்டை உடனே தெரியாது என்பதுதான் ஆபத்து. பழைய ஆண்டுகளில் பயிற்சி பெற்றவர்கள் பட்டியலில் இருக்கும்வரை படை நிறைந்திருப்பதுபோல் தோன்றும். அவர்களுக்கு வயதாகும்போதுதான் கீழே நிரப்ப ஆளில்லை என்பது புரியும்.

2017 மார்ச்சில் அரசு கட்டாய சேவையை எழுப்பியது. சட்டம் உறக்கத்தில் இருந்ததால் புதிய சட்டம் தேவைப்படவில்லை. இம்முறை ஆண், பெண் இருபாலருக்கும். 1999-ல் பிறந்தவர்களிலிருந்து தொடங்கினார்கள். எல்லோருக்கும் கேள்விப் பட்டியல், அதிலிருந்து சுமார் 13,000 பேருக்கு நேரடிச் சோதனை, தொடக்கத்தில் தேர்வானவர்கள் ஆண்டுக்கு 4,000. ஜெர்மனியைக் கவிழ்த்த நியாயக் கேள்வி இங்கேயும் உண்டு. அதை உடல்தகுதியோடு விருப்பத்தையும் கணக்கில் எடுத்துச் சமாளிக்கிறார்கள். நார்வேயும் இதே வழியில், பெண்களையும் சேர்த்து, தேவையான அளவுக்கு மட்டும் தேர்ந்தெடுக்கிறது.

## எந்த நிலைமைக்கு எது

எல்லையில் தன்னைவிடப் பெரிய எதிரி, சிறிய மக்கள்தொகை, மண்ணைக் காப்பதே முதல் வேலை என்றால் கட்டாய சேவையும் அதிலிருந்து வரும் பெரிய ரிசர்வும்தான் வழி. இந்தக் கணக்கைப் பணத்தால் மாற்ற முடியாது. ஆனால் மறுபயிற்சிக்கும் கிடங்குக்கும் செலவு செய்யத் தயாரில்லாத நாடு இதைத் தேர்ந்தெடுத்தால், இளைஞர்களின் ஓராண்டை எடுத்துக்கொண்டு பெயர்ப் பட்டியலை மட்டுமே பெறும்.

கடலோ நட்பு நாடுகளோ சூழ்ந்திருக்கும், தொலைவில் படை அனுப்ப விரும்பும் நாட்டுக்குத் தொழில்முறை ராணுவம் பொருந்தும். பெரிய மக்கள்தொகை உள்ள நாட்டுக்கும் அப்படியே, ஏனென்றால் சிறிய சதவீதம் விரும்பி வந்தாலே படை நிறைந்துவிடும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, வெளியேறும் வீரர்களை ரிசர்வில் பிடித்து வைக்க உண்மையான ஏற்பாடு இருக்கிறதா என்பது. வேலை கொடுப்பவருக்கு இழப்பீடு, வேலை பறிபோகாது என்ற சட்டப் பாதுகாப்பு, முறையான மறுபயிற்சி ஆகியவை இல்லாவிட்டால் சுவீடனின் 7,000 அங்கேயும் வரும்.

ஆபத்து இப்போது இல்லை, பிறகு வரலாம் என்று நினைக்கும் நாடுகள் நடுவில் நிற்கின்றன. சட்டத்தை உறங்கவைத்துப் பெயர்ப் பதிவை மட்டும் நடத்துவது அவர்களுக்குப் பிடித்த வழி. அமெரிக்கா 1980-லிருந்து 18 முதல் 25 வயது ஆண்களைப் பதிவுசெய்து வைத்திருக்கிறது. இது மலிவு, ஆனால் எதை வாங்கித் தராது என்பதை அறிந்து செய்ய வேண்டும். சுவீடனில் சட்டம் ஒரே முடிவில் விழித்துவிட்டது. ஆனால் ஆண்டுக்கு 4,000 என்ற எண்ணை 2025-க்குள் 8,000 ஆக்குவதற்கே 2020-ல் தனித் திட்டம் போட வேண்டியிருந்தது. மூடிய முகாம்களைத் திறக்க வேண்டும், படுக்கையும் துப்பாக்கியும் வாங்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அதிகாரிகள் வேண்டும். நல்ல பயிற்றுநர் ஒருவர் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். காட்லாந்தில் கலைத்த படைப்பிரிவு 2018-ல்தான் திரும்ப நிறுவப்பட்டது.